ஐந்தாம் பத்தியில் புதைந்த கருத்தை மேலே கொண்டுவருவது எப்படி?

"கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்காக மழைநீர் சேகரிப்பு பற்றி ஏழு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்த பேராசிரியை, 'நீ என்ன சொல்ல வருகிறாய் என்பதே ஐந்தாம் பத்தியின் கடைசி வரியில்தான் தெரிகிறது, அதை மேலே கொண்டுவா' என்று சொல்லிவிட்டார். அந்த வரியை வெட்டி முதல் பத்தியில் ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவே இல்லை. முழுக்கத் திரும்ப எழுத வேண்டுமா? கட்டுரையை இணைத்திருக்கிறேன்."

முழுக்க எழுத வேண்டியதில்லை. கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தேவையான சரக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே அதில் இருக்கிறது, இடம்தான் மாறிக் கிடக்கிறது. ஒரு பத்தியை அப்படியே நீக்க வேண்டியிருக்கும், பத்துப் பன்னிரண்டு வாக்கியம் புதிதாக எழுத வேண்டியிருக்கும், மற்றதெல்லாம் நகர்த்தும் வேலை. ஆனால் ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி மேலே ஒட்டினால் ஒட்டாது. அது ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மீதி வேலை உங்களுக்கே கைவந்துவிடும்.

நீங்கள் வெட்டி ஒட்டிய வரி இது:

"ஆகவே, இத்தகைய அமைப்புகள் பராமரிப்பின்றிப் பாழாகும் நிலையில், அவற்றைக் கட்டச் சொல்வதோடு நின்றுவிடாமல், ஆண்டுதோறும் முறையாகச் சோதிப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்வது பற்றிச் சிந்திக்க வேண்டியது அவசியமாகிறது."

முதல் சொல்லே "ஆகவே". எதனால் ஆகவே? முன்னால் நாலு பத்தி இருந்தபோது அதற்குப் பதில் இருந்தது, மேலே வந்ததும் அந்தச் சொல் அந்தரத்தில் தொங்குகிறது. "இத்தகைய" என்பதும் அப்படித்தான், எத்தகைய என்று சொல்லும் பத்தி இப்போது கீழே போய்விட்டது. அதாவது அந்த வரி ஒரு முடிவாகப் பிறந்த வரி, உடம்பெல்லாம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் பத்தியில் நிற்க வேண்டிய வரி முன்னால் பார்க்க வேண்டும். அதனால் அதே கருத்தை எடுத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டும்.

அடுத்து நம் மொழியோடு சேர்ந்த ஒரு சங்கதி. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். "நின்றுவிடாமல்", "நிலையில்", "செய்வது பற்றி" என்று முடியாத தொடர்களை அடுக்கிக்கொண்டே போனால், எழுதுகிறவர் ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்பது கடைசிச் சொல் வரைக்கும் தெரியாது. ஆக உங்கள் கருத்து இரண்டு தடவை புதைந்திருக்கிறது, கட்டுரைக்குள் ஐந்தாம் பத்தியில் ஒரு தடவை, அந்த வரிக்குள்ளேயே கடைசியில் இன்னொரு தடவை. அந்தக் கடைசியிலும் வருவது என்ன? "சிந்திக்க வேண்டியது அவசியமாகிறது." யார் சிந்திக்க வேண்டும்? சிந்தித்தால் போதுமா, செய்ய வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால்தான் மரியாதையான நடை என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள், ஆனால் ஒருவரை இணங்க வைக்கிற கட்டுரைக்கு இது ஆகாது.

முக்கியக் கருத்து என்றால் அதில் யார், என்ன, எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் ஆறாம் பத்தியில் மாநகராட்சி வருகிறது, ஏழாம் பத்தியில் பருவமழைக்கு முன் என்று வருகிறது. மூன்றையும் சேர்த்தால்:

"சென்னையில் வீட்டு மழைநீர் சேகரிப்புக் குழிகளை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் மாநகராட்சி நேரில் சோதிக்க வேண்டும், கட்டச் சொன்னது மட்டும் போதாது."

இந்த வரியோடு ஒருவர் சண்டை போடலாம். "எதற்கு மாநகராட்சி, வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்ல இடமிருக்கிறது. பழைய வரியோடு யாரும் சண்டை போட மாட்டார்கள், சிந்திப்பதில் யாருக்கு என்ன நட்டம்? மறுக்க இடமிருக்கிற வரிதான் வாதத்துக்குரிய வரி.

(ஒரு சின்ன உதவிக் குறிப்பு. தங்கள் கருத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள், கோப்பில் தேடல் பெட்டியைத் திறந்து "வேண்டும்", "கூடாது", "போதாது", "அவசிய" என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தமிழில் ஒரு வாதத்தின் தலை பெரும்பாலும் இந்தச் சொற்களின் வாலில்தான் தொங்கும். உங்கள் கட்டுரையில் "வேண்டும்" ஒன்பது இடத்தில் வருகிறது, அதில் ஏழு "நீரைப் போற்ற வேண்டும்" வகை. யாரும் மறுக்காத அந்த ஏழையும் ஒதுக்கினால் மிஞ்சுகிற இரண்டும் ஆறாம் பத்தியில், எதிர்த்தரப்புக்கு நீங்கள் சொல்லும் பதிலில் இருக்கின்றன. உங்கள் முக்கிய வரியோ "வேண்டியது அவசியமாகிறது" என்று முடிவதால் "அவசிய" என்று தேடும்போதுதான் அகப்படுகிறது. அது எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.)

சரி, இப்போது வரி கிடைத்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் முன் மற்றப் பத்திகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஒரு தாளில் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி எழுதுங்கள். இங்கேதான் பலர் தவறுவார்கள். "இந்தப் பத்தி எதைப் பற்றியது" என்று எழுதினால் பயன் இல்லை, எல்லாப் பத்தியும் ஏதோ ஒன்றைப் பற்றியதுதான். "இதைப் படித்து முடித்தவர் புதிதாக எதை ஒப்புக்கொள்வார்" என்று எழுத வேண்டும். உங்கள் கட்டுரைக்கு நான் எழுதிப் பார்த்தது இது.

முதல் பத்தி, குறளும் நீரின் பெருமையும்: புதிதாக ஒப்புக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டாம் பத்தி, ஏரி குளம் வெட்டிய முன்னோர்: முன்னோர் கெட்டிக்காரர்கள் என்று ஒப்புக்கொள்வார், ஆனால் அதற்கும் வீட்டுக் குழியைச் சோதிப்பதற்கும் தொடர்பில்லை. மூன்றாம் பத்தி, 2003ஆம் ஆண்டுச் சட்டம்: பராமரிக்காத குழி வேலை செய்யாது. நான்காம் பத்தி, 2015 வெள்ளமும் 2019 வறட்சியும்: குழி வேலை செய்தால் எவ்வளவு நீர் மிஞ்சும் என்ற கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஐந்தாம் பத்தி, பெரியப்பா வீட்டுக் குழி: பராமரிப்பு தானாக நடக்காது. ஆறாம் பத்தி: எதிர்த்தரப்பு சொல்வது நிற்காது. ஏழாம் பத்தி: நீரைக் காப்போம்.

இப்படி எழுதியவுடன் படம் தெளிவாகிவிடும். முதல் இரண்டு பத்தியும் கடைசிப் பத்தியும் எதையும் நிறுவவில்லை. நடுவிலுள்ள நாலு பத்திதான் கட்டுரை. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விஷயத்தைப் பற்றி எழுத உட்காரும்போது நமக்கே முடிவு தெரியாது, எழுதி எழுதித்தான் ஐந்தாம் பத்தியில் போய்க் கண்டுபிடிக்கிறோம். நீங்கள் யோசித்த வரிசை அது. படிப்பவருக்கு அந்த வரிசை வேண்டாம், அவர் கண்டுபிடித்த பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு அதைச் சரிபார்க்கத்தான் வருகிறார்.

இரண்டாம் பத்தியை எடுத்துவிடுங்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், மனசு கேட்காது என்று தெரியும், அதனால் அழிக்காமல் வேறு கோப்பில் போட்டு வையுங்கள். முதல் பத்தியிலுள்ள குறளும் போகட்டும். நீர் பற்றிய கட்டுரை என்றால் குறளோடு தொடங்குகிறவர்கள் ஏராளம், நடுவர் அந்த இடத்தைக் கண்ணால் தாண்டிவிடுவார், உங்கள் முக்கிய வரிக்குக் கிடைக்க வேண்டிய கவனம் அங்கேயே செலவாகிவிடும்.

அப்படியானால் தொடக்கத்துக்கு என்ன? உங்கள் கட்டுரையிலேயே உயிருள்ள இடம் ஐந்தாம் பத்திதான். மடிப்பாக்கத்தில் பெரியப்பா வீட்டுக் குழியின் மூடியை 2021இல் திறந்தபோது மணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு இருந்தது, அதில் ஒரு பூச்செடி முளைத்திருந்தது, பதினெட்டு வருடத்தில் யாருமே அதைத் திறந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஏன் நடுவில் வைத்தீர்கள்? மூடி, சேறு, செடி, பதினெட்டு வருடம், இந்த நாலையும் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு நான்காவதாக முக்கிய வரியை வையுங்கள். முதல் பத்தி முடிந்தது:

"2021இல் மடிப்பாக்கத்தில் என் பெரியப்பா வீட்டு மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்தோம். மணலுக்கு மேல் ஒரு சாண் சேறு, அதில் ஒரு பூச்செடி. 2003இல் கட்டிய குழி அது, பதினெட்டு வருடத்தில் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. சென்னையில் வீட்டு மழைநீர் சேகரிப்புக் குழிகளை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் மாநகராட்சி நேரில் சோதிக்க வேண்டும். கட்டச் சொன்னது மட்டும் போதாது."

கவனித்தீர்களா, "ஆகவே" இல்லை, "இத்தகைய" இல்லை, இணைப்புச் சொல்லே தேவைப்படவில்லை. பதினெட்டு வருடம் ஒருவரும் திறக்கவில்லை என்பதைப் படித்த மறுநொடியே "சோதிக்க வேண்டும்" என்று படிக்கும்போது, இடையிலுள்ள காரணத்தை வாசகரே போட்டுக்கொள்வார்.

முதல் வாக்கியத்திலேயே வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். வைக்கலாம், தவறில்லை. ஆனால் "வீட்டுக்கு அதிகாரி வருவார்" என்பது படிப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காத பேச்சு. எடுத்தவுடன் அதைச் சொன்னால் மனசுக்குள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சேற்றைக் கண்ணால் பார்த்த பிறகு கேட்டால் கொஞ்சம் காது கொடுப்பார்கள். எதிர்ப்பு அதிகம் எதிர்பார்க்கும் இடத்தில் முக்கிய வரியை மூன்று வாக்கியம் தள்ளி வைப்பது நியாயமான காரியம். நாலு பத்தி தள்ளினால்தான் புதைத்ததாக ஆகும்.

இனி உடல் பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு தலைவரி வேண்டும், அந்தப் பத்தி நிறுவப் போகும் சிறு கருத்தை அது சொல்ல வேண்டும். தலைவரிகளைப் புதிதாக எழுத வேண்டியதில்லை, ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் பத்தியின் அடியில் கிடக்கின்றன. மூன்றாம் பத்தியை அப்படியே எடுத்துக் காட்டுகிறேன்:

"2003ஆம் ஆண்டு தமிழக அரசு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பழைய வீடுகளும் இதற்கு விலக்கல்ல. மாடியில் விழும் நீரைக் குழாய் வழியாகக் குழிக்குள் இறக்கினார்கள். குழியில் கூழாங்கல்லும் மணலும் போட்டார்கள். மழை தொடங்கும்போது மாடியிலுள்ள தூசியையும் இலையையும் அது அடித்துக்கொண்டு வருகிறது. சில ஆண்டுகளில் மணலின் மேல்பகுதி சேறாக இறுகிவிடுகிறது. பிறகு நீர் உள்ளே இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போய்விடுகிறது. இவ்வாறு, பராமரிக்கப்படாத குழி கண்ணுக்கு இருக்கிறதே தவிர வேலை செய்வதில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். பத்தி முழுவதும் அதற்காகத்தான் உழைக்கிறது. முதல் வரியோ வெறும் தகவல். "2003இல் சட்டம் வந்தது" என்று தொடங்கினால் இது சட்ட வரலாறு சொல்லப் போகும் பத்தி என்று நினைத்துத்தான் படிப்பார்கள், கூழாங்கல்லும் மணலும் எதற்கு வருகின்றன என்று புரியாமல் ஏழு வாக்கியம் காத்திருப்பார்கள். கடைசி வரியை மேலே தூக்கிவிட்டு, "இவ்வாறு" என்பதை வெட்டி, "பராமரிக்கப்படாத" என்பதைக் கொஞ்சம் பேச்சுவழக்குக்கு இறக்கினால்:

"சுத்தம் செய்யாத குழி கண்ணுக்கு இருக்குமே தவிர வேலை செய்யாது. 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, பழைய வீடுகளிலும் மாடி நீரைக் குழாய் வழியாகக் குழிக்குள் இறக்கினார்கள், குழியில் கூழாங்கல்லும் மணலும் போட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மழையும் தொடங்கும்போது மாடியிலுள்ள தூசியையும் இலையையும் அடித்துக்கொண்டு வருகிறது. சில ஆண்டுகளில் மணலின் மேல்பகுதி சேறாக இறுகிவிடுகிறது. பிறகு நீர் உள்ளே இறங்காமல் வழிந்து தெருவுக்குப் போய்விடுகிறது."

சொற்கள் ஏறக்குறைய அதேதான். நான் சேர்த்தது ஒரு "ஆனால்" மட்டும், ஏனென்றால் கட்டியதிலிருந்து கெட்டுப்போவதற்குத் திரும்பும் இடம் அது, முன்பு அந்தத் திருப்பம் சொல்லப்படாமல் விட்டிருந்தது. இப்போது பத்தி "தெருவுக்குப் போய்விடுகிறது" என்று நிற்கிறது. அங்கேயே விட்டுவிடுங்கள். தலைவரியை மேலே தூக்கியவர்கள் அடி காலியாக இருக்கிறதே என்று பயந்து அதே கருத்தை வேறு சொல்லில் திரும்ப எழுதுவார்கள், அந்தத் தவறை மட்டும் செய்யாதீர்கள்.

நான்காம் பத்தியில் வேறு சிக்கல். அங்கே 2015 டிசம்பர் வெள்ளமும் 2019 கோடையும் ஒன்றாக இருக்கின்றன, நடுவில், ஆறாவது வாக்கியத்தில், போகிறபோக்கில் ஒரு கணக்கு வருகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 93 லிட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. சிதறல், ஆவி என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரே மாடியிலிருந்து வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் மிஞ்சும். இது எவ்வளவு வலுவான இடம்! தலைவரி இங்கேதான் இருக்கிறது: "குழி வேலை செய்தால் ஆயிரம் சதுர அடி மாடி ஒன்றே ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டரை நிலத்துக்குள் அனுப்பும்." அதற்குக் கீழே கணக்கு, அதற்குக் கீழே 2019. நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஆண்டு அது. அந்த ரயிலுக்குப் பக்கத்தில் அந்த ஒரு லட்சம் லிட்டரை வைக்கும்போது எண்ணுக்கு எடை கூடுகிறது.

2015ஐ எடுத்துவிடுங்கள். அந்த வெள்ளத்துக்கு ஒரே நாளில் கொட்டிய மழை, நிரம்பிய ஏரிகள், அடையாற்றில் வந்த நீர் என்று காரணம் வேறு, வீட்டுக் குழிகள் எல்லாம் சுத்தமாக இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்காது. கட்டுரையில் கருத்து புதைந்திருக்கும் வரை இப்படிப்பட்ட தளர்வான சான்றுகள் கண்ணில் படாது, ஏனென்றால் எதை நிறுவ வந்தது என்று கேட்க ஆளில்லை. முக்கிய வரி தலையில் ஏறி உட்கார்ந்ததும் ஒவ்வொரு சான்றும் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. விவரம் தெரிந்த நடுவர் யாராவது "குழி வெள்ளத்தை நிறுத்துமா?" என்று ஒரு கேள்வி கேட்டால் மீதிப் பத்திகளின் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

வரிசை: கணக்குப் பத்தி முதலில், சேறு இறுகும் பத்தி அடுத்து. எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் அது வீணாவது வலிக்கும். இடம் மாற்றிய பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் மூன்று சொல்லையும் பாருங்கள். உங்களுடைய "மேலும்", "இந்நிலையில்", "இதன் காரணமாக" எல்லாம் பழைய அண்டை வீட்டாரைப் பார்த்துப் பேசிய சொற்கள், இப்போது பக்கத்தில் வேறு ஆள் குடியிருக்கிறார். எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் ஒன்று போடுங்கள். "அது", "அவை", "இந்த அமைப்பு" என்று வரும் இடங்களிலும் அது எதைக் குறிக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். நகர்த்திய கட்டுரைகளில் பெரும்பாலும் சொதப்புவது இந்தச் சுட்டுச் சொற்கள்தான், எழுதியவர் கண்ணுக்கு மட்டும் அது படவே படாது.

இப்போது ஆறாம் பத்தி, எனக்கு மிகவும் கவலை தந்த இடம். அது இப்படித் தொடங்குகிறது:

"மாநகராட்சியில் போதிய ஆட்கள் இல்லாத நிலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று குழியைச் சோதிப்பது நடைமுறையில் இயலாத காரியம் என்றும், அது மக்களுக்கு வீண் தொல்லையாகவே முடியும் என்றும் சிலர் கூறுகின்றனர்."

"என்றும் சிலர் கூறுகின்றனர்" கடைசியில் வருகிறது. அதுவரைக்கும் பதினைந்து சொல்லுக்கு மேல் இதை நீங்களே சொல்வதாகத்தான் படிப்பவர் நினைப்பார். பத்தியின் முதல் வரியில் உங்கள் எதிரியின் வாதம் உங்கள் குரலிலேயே ஒலிக்கிறது. தமிழில் "என்று" பின்னால் வருவதால் நேரும் விபத்து இது, செய்தித்தாள் கட்டுரைகளில்கூட அடிக்கடி பார்க்கலாம். தலைவரி உங்களுடையதாக இருக்கட்டும், எதிர்த்தரப்பு இரண்டாவது வரியில் வரட்டும், அதிலும் சொல்கிறவர் முன்னால் வரட்டும்:

"ஆள் பற்றாக்குறை இதைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. சிலர் கேட்பது நியாயம்தான்: இருக்கிற ஊழியர்களை வைத்து இத்தனை வீட்டுக்கும் எப்படிப் போவது?"

இதற்குப் பிறகு நீங்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும் பதிலை வைக்கலாம். எல்லா வீட்டையும் ஒரே வருடம் பார்க்க வேண்டும் என்பதில்லை, வார்டு வார்டாகச் சுழற்சி முறையில் போகலாம், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி இறங்குகிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும் என்கிறீர்கள். ஆனால் பாருங்கள், சுழற்சி முறை என்றால் முதல் பத்தியில் "ஒவ்வோர் ஆண்டும்" என்று சொன்னது இடிக்கிறதே! கருத்து கீழே கிடந்தபோது இந்த முரண் தெரியவில்லை. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முக்கிய வரியிலுள்ள "ஒவ்வோர் ஆண்டும்" என்பதைத் தொட மாட்டேன், பதிலை மாற்றுவேன்: வீட்டுக்காரர் ஒவ்வோர் ஆண்டும் சுத்தம் செய்து படத்தோடு தகவல் தர வேண்டும், மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் வார்டுக்குச் சில வீடுகளை முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று. அப்போது முக்கிய வரியில் "குழிகளை மாநகராட்சி நேரில் சோதிக்க வேண்டும்" என்பதை "குழிகளில் ஒரு பகுதியையாவது மாநகராட்சி நேரில் சோதிக்க வேண்டும்" என்று ஒரு சொல்லளவு இறக்கினால் போதும். இறக்கியதால் வாதம் பலவீனமாகாது, காக்க முடிகிற அளவுக்கு வருகிறது.

இன்னொரு ஓட்டையும் இப்போதுதான் வெளியே வருகிறது, இதை நகர்த்தி அடைக்க முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். குழி தூர்ந்துபோகும் என்பதை நிறுவிவிட்டீர்கள், அதனால் எவ்வளவு நட்டம் என்பதையும் நிறுவிவிட்டீர்கள். சோதனை வந்தால் குழி சுத்தமாக இருக்கும் என்பதை எங்கே நிறுவினீர்கள்? ஏழு பத்தியிலும் இல்லை. உங்கள் கருத்தின் மையமே அதுதான். பெரியப்பா அலட்சியமானவர் இல்லை, அந்தக் குழி ஞாபகத்திலேயே இல்லை, அவ்வளவுதான். அதே வீட்டில் அவருடைய வாடகை வேனுக்கு எஃப்.சி. காட்டும் தேதி நெருங்கினால் பிரேக், விளக்கு, பெயின்ட் எல்லாம் பார்த்துவிடுவார் என்று அதே ஐந்தாம் பத்தியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், வேனைப் பற்றிய பேச்சாக, வேறு எதற்கோ. அதுதான் உங்களுக்கு வேண்டிய சான்று. யாரோ வந்து பார்ப்பார்கள் என்ற ஒரு தேதி இருப்பதால் ஒரே மனிதர் வேனைக் கவனிக்கிறார், தேதி இல்லாததால் குழியை மறக்கிறார். அந்த வரியை எடுத்து, "தேதி குறித்துப் பார்க்க ஆள் வந்தால்தான் பராமரிப்பு நடக்கும்" என்ற தலைவரியின் கீழ் நாலைந்து வாக்கியத்தில் ஒரு தனிப் பத்தி எழுதுங்கள். சேறு இறுகும் பத்திக்கு அடுத்து, எதிர்த்தரப்புப் பத்திக்கு முன்னால் அது உட்காரும். ஒரு வீட்டு அனுபவம் நகரம் முழுவதற்கும் நிரூபணம் ஆகாது, அதனால் "எல்லோரும் இப்படித்தான்" என்று நீட்டாதீர்கள், எடுத்துக்காட்டாகவே நிறுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. முக்கிய வரியையும் பத்திகளின் தலைவரிகளையும் மட்டும் தனியே எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். உங்களுடையது இப்படி வரும்:

"குழிகளில் ஒரு பகுதியையாவது ஒவ்வோர் ஆண்டும் மாநகராட்சி நேரில் சோதிக்க வேண்டும். குழி வேலை செய்தால் ஒரு மாடியே ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டரை நிலத்துக்குள் அனுப்பும். சுத்தம் செய்யாத குழி கண்ணுக்கு இருக்குமே தவிர வேலை செய்யாது. தேதி குறித்துப் பார்க்க ஆள் வந்தால்தான் பராமரிப்பு நடக்கும். ஆள் பற்றாக்குறை இதைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது."

கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் இந்த ஐந்து வரியைப் படித்துக் காட்டுங்கள், பெரியப்பாவிடமே காட்டலாம். அவர் "சரி, அதனால என்ன?" என்று கேட்டால் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. "அதெப்படி, எனக்கு இது பிடிக்கலையே" என்று எந்த வரியில் சொல்கிறாரோ, அந்தப் பத்திக்கு இன்னும் சான்று வேண்டும். பத்தியின் உள்ளே இருக்கும் ஒரு வாக்கியம் அதன் தலைவரிக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்று தோன்றினால் அதை வேறு பத்திக்கு அனுப்புங்கள், எங்கேயும் இடமில்லை என்றால் இரண்டாம் பத்தியைப் போட்டு வைத்த அந்தக் கோப்புக்கு அனுப்புங்கள்.

கடைசிப் பத்தியில் இப்போது "நீரைக் காப்போம், தலைமுறையைக் காப்போம்" என்று இருக்கிறது. முக்கிய வரி மேலே போய்விட்டதால் அங்கே அதைத் திரும்பச் சொல்லத் தோன்றும். வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்று ஏழாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொண்டு, ஜூலையில் அறிவிப்பு, ஆகஸ்டில் வீட்டுக்காரர் சுத்தம் செய்வது, செப்டம்பரில் சோதனை என்று மூன்று மாதத்தை மூன்று வாக்கியத்தில் எழுதி நிறுத்துங்கள். அப்புறம் தலைப்பு. "நீரே உயிர்" என்று வைத்திருக்கிறீர்கள், அந்தத் தலைப்பில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். "மூடியைத் திறந்து பாருங்கள்" என்று மாற்றினால் முதல் வாக்கியத்துக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு கிடைக்கும்.